இருளப்பனின் நான்கு பங்குகள்

இருளப்பனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஆனால் அவனைப் பற்றி எழுத வேறு யார் இருக்கிறார்கள்? தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகத்தில், செக்ரோலில், அவன் 114-ஆம் நம்பர். அந்த செக்ரோலையும் கரையான் தின்றிருக்கும். அவன் பெயர் முழுசாக, தகப்பன் பெயரோடு, மை வைத்து எழுதப்பட்ட ஒரே புத்தகம் எங்கள் கம்பெனியின் பங்குதாரர் பதிவேடு. எழுதியவன் நான். அவனைச் சயாமுக்கு அனுப்பியவனும் நான்தான் என்று வையுங்கள். முப்பது வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் பரஞ்சோதி. கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் கிராணி, அதாவது கணக்குக் குமாஸ்தா. செயலாளர் என்று கடிதத் தலைப்பில் போட்டிருந்தார்கள். சம்பளம் கிராணிக்கு உள்ளதுதான். தேங்காய் எண்ணெய் ஆட்டுகிற ஆலை, பின்னால் ஒரு சோப்புக் கொட்டகை. பட்டணத்துத் தமிழ்க் கடைக்காரர்கள் சேர்ந்து ஆளுக்குப் பத்து வெள்ளிப் பங்கு போட்டு, ஜப்பான்காரன் வருவதற்கு நாலு வருஷம் முன்பே ஆரம்பித்தது. தலைவர் கார்த்திகேசு முதலாளி. பாசார் பக்கம் பெரிய மளிகைக் கடை அவருடையது.

ஜப்பான்காரன் வந்ததும் எல்லாத் தொழிலும் படுத்தது, எங்கள் தொழில் மட்டும் எழுந்து உட்கார்ந்தது. விளக்குக்கும் சமையலுக்கும் சோப்புக்கும் தேங்காய் எண்ணெய் தவிர வேறு கிடையாது. ராணுவமே எங்களிடம் வாங்கியது. 1943 தொடக்கத்தில், ஜப்பான்காரன் கணக்குப்படி 2603-இல், இன்னொரு செக்கும் கொதிகலனும் வாங்குவதற்காகப் புதிதாக இரண்டாயிரம் பங்கு வெளியிடுவதென்று முடிவானது. அனுமதியும் கிடைத்தது.

பத்து வெள்ளிப் பங்குக்கு விலை பதினாலு வெள்ளி. அந்த நாலு வெள்ளி பிரீமியம். "நாம நட்டு, தண்ணி ஊத்தி, காய்க்கிற மரம். இப்ப வர்றவன் காயைப் பறிக்க வர்றான். நாலு வெள்ளி கூடக் குடுத்தா என்ன?" என்றார் கார்த்திகேசு. நியாயம்தான். ஆலையிடம் அப்போது சேர்ந்திருந்த லாபத்தைப் பார்த்தால் நாலு வெள்ளி அதிகமே இல்லை.

பதினாலையும் ஒரே தடவையில் கேட்டால் யாரிடம் இருக்கும்? மூன்று தவணை வைத்தோம். விண்ணப்பத்தோடு பங்குக்கு நாலு வெள்ளி. பங்கை ஒதுக்கிக் கடிதம் அனுப்பியதும் ஏழு வெள்ளி. இந்த ஏழில் நாலு பிரீமியம், மூன்றுதான் பங்கு மூலதனத்தில் சேரும். பிறகு கம்பெனி கேட்கும்போது கடைசித் தவணை மூன்று. ஒதுக்கீட்டுப் பணத்தைத் தேதிக்குள் கட்டாவிட்டால் பங்கைப் பறிமுதல் செய்யலாம், அதுவரை கட்டியதும் போகும் என்று கம்பெனி விதி சொல்கிறது. எல்லாக் கம்பெனி விதியும் அப்படித்தான் சொல்லும்.

இன்னொரு ஏற்பாடும் கார்த்திகேசு செய்தார். பத்துப் பங்கு, இருபது பங்கு என்று பூஜ்யத்தில் முடிவது மங்களமில்லையாம். புது ஆட்கள் பதினொன்று பதினொன்றாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மொய் எழுதுகிற மாதிரி. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் கடையில் உப்பு தீர்ந்திருந்தால்கூட "இல்லை" என்று சொல்லமாட்டார், "நாளைக்கு வருது" என்பார். கடைப் பையன்களையும் சொல்லவிடமாட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இதில்தான் வந்து முடிந்தது.

இருளப்பன் மாசி மாதத்தில் ஒரு காலைப் பொழுதில் அலுவலகத்துக்கு வந்தான். சுங்கை லாலாங் பக்கம் ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரன். வயது நாற்பதுக்கு மேல். ஒல்லி. துவைத்த வேட்டி, சட்டைக்குப் பொத்தான் இல்லாமல் மூங்கில் குச்சி சொருகியிருந்தான். வாசலில் செருப்பை விடுவதற்கு அவனிடம் செருப்பு இல்லை, ஆனாலும் ஒரு நிமிஷம் நின்று காலைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான்.

"அண்ணே, இங்க பங்கு குடுக்குறாங்களாமே."

"குடுக்கலப்பா, விக்கிறாங்க."

"அதான் அண்ணே. வாங்கத்தான் வந்தேன்."

வேட்டி மடியிலிருந்து நாற்பத்துநாலு வெள்ளியை எடுத்து வைத்தான். பாதி பழைய வெள்ளைக்காரன் நோட்டு, பாதி ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு. பழைய நோட்டை அவன் எங்கே புதைத்து வைத்திருந்தானோ, மண்வாசனை அடித்தது. பசுவையும் கன்றையும் விற்ற காசு என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. தோட்டத்தில் பால்வெட்டு நின்று வருஷமாகிறது, ஜனம் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு வீங்கிக் கிடக்கிறது, இவன் பசுவை விற்றுப் பங்கு வாங்க வந்திருக்கிறான். சொல்லியும் பார்த்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"பங்காளி வீட்டுக்கு ஆலையில ஒரு வேல முதல்ல குடுப்பீங்கன்னு சொன்னாங்கண்ணே. நெசமா?"

நிஜம்தான். பங்குதாரர் பதிவேட்டில் பெயர் ஏறிய வீட்டில் ஒருவருக்கு ஆலையில் வேலை என்று இயக்குநர்கள் தீர்மானம் போட்டிருந்தார்கள். வாரா வாரம் அரிசி உண்டு. ஆலைச் சீட்டு உண்டு. ராணுவத்துக்கு எண்ணெய் கொடுக்கிற ஆலையின் சீட்டு கையில் இருந்தால் எந்த வேலைக்கு ஆள் பிடிக்கிறவனும் தொடமாட்டான். இருளப்பன் லாபத்துக்கு வரவில்லை, வேலைக்கு வந்திருந்தான். முசிறிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் கப்பலேறியவன். மூன்று பிள்ளைகள் பிறந்து, மூன்றையும் காய்ச்சலுக்குக் கொடுத்தவன். மிச்சமிருந்தது மனைவி ராக்காயி மட்டும். அவளுக்கு வாரத்துக்கு ஒரு முறையாவது அரிசிச்சோறு போட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. அதை வெட்கப்படாமல் என்னிடம் சொன்னான்.

விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். பதினோரு பங்கு, நாற்பத்துநாலு வெள்ளி. அவன் எட்டிப் பார்த்தான்.

"பேரு எழுதுவீங்களா, நம்பரா அண்ணே?"

"பேருதான். உன் பேரு, உங்கப்பா பேரு."

"அப்பா பேரு முத்தன்" என்றான். நான் எழுதி முடிக்கும்வரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ரசீதை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனான். அவன் போன பிறகும் என் கோபம் தணியவில்லை. ஆனால் அவனைப் பிடித்துப்போயிற்று.

பங்குனி முடிவில் விண்ணப்பங்களை எண்ணினால், இரண்டாயிரம் பங்குக்கு நாலாயிரத்து நூறு வந்திருந்தது. பழைய பங்குதாரர்கள் எண்ணூறு கேட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டதை அப்படியே கொடுப்பதென்று முடிவு. புது ஆட்கள் கேட்டது மூவாயிரத்து முந்நூறு, அவர்களுக்கு மிச்சமிருப்பது ஆயிரத்து இருநூறு. யாரையும் வெறுங்கையோடு அனுப்பாமல், பதினொன்று கேட்டவனுக்கு நாலு என்று விகிதப்படி பிரித்தோம்.

கணக்கு எப்படி விழுந்தது பாருங்கள். இருளப்பன் பதினொன்றுக்குக் கட்டியது நாற்பத்துநாலு. கிடைத்தது நாலு பங்கு. நாலு பங்குக்கு விண்ணப்பப் பணம் பதினாறு. மீதி இருபத்தெட்டு. அதைத் திருப்பித் தரமாட்டோம், அடுத்த தவணைக்கு வரவு வைப்போம் என்று வெளியீட்டு அறிக்கையிலேயே சொல்லியிருந்தோம். அடுத்த தவணை, பங்குக்கு ஏழாக நாலு பங்குக்கு இருபத்தெட்டு. சரிக்குச் சரி. புது ஆட்கள் ஒருவரும் ஒதுக்கீட்டுக்கு ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. பழைய பங்குதாரர்கள் மட்டும் எண்ணூறு பங்குக்கு ஐயாயிரத்து அறுநூறு வெள்ளி கொண்டுவர வேண்டும். கணக்கு இவ்வளவு அழகாக முடிந்ததில் எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினொன்றின் மகிமை என்று கார்த்திகேசு மீசையைத் தடவிக்கொண்டார்.

கடிதம் சித்திரை முதல் நாள் தேதியிட்டுப் போக வேண்டும் என்றார். புது வருஷத்தில் புதுப் பங்காளிகள். காகிதப் பஞ்சம், அதனால் எல்லாருக்கும் ஒரே படிவம். மேலே தமிழில், "தங்களுக்கு ஒதுக்கிய பங்குகள்" என்று ஒரு வரி. "ஒதுக்கீட்டுப் பணம்" என்று ஒரு வரி. "வரவு வைத்தது" என்று ஒரு வரி. "ஏப்ரல் 30-க்குள் கட்ட வேண்டியது" என்று கடைசி வரி. கீழே, கட்டத் தவறினால் பறிமுதல் என்ற எச்சரிக்கை.

பழைய ஆட்களின் படிவத்தில் கடைசி வரியில் தொகையை எழுதினேன். புது ஆட்களின் படிவத்தில் முதல் ஐம்பதில் "இல்லை" என்று எழுதியிருந்தேன். கையெழுத்துப் போட உட்கார்ந்த கார்த்திகேசு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பரஞ்சோதி, என்ன இது? வருசப் பொறப்பும் அதுவுமா புதுப் பங்காளிக்குப் போற மொத கடுதாசில இல்லைன்னு எழுதுவியா?"

"கட்ட வேண்டியது இல்லைன்னுதானே முதலாளி போட்டிருக்கேன். நல்ல சேதிதானே."

"என்ன சேதியா இருந்தா என்ன? வார்த்த 'இல்லை'தானே."

"சைபர் போடட்டுமா?"

"அது இதவிட மோசம் லா."

"கட்ட வேண்டாம்னு எழுதுறேன்."

"வேண்டாம்ங்கிறது மட்டும் என்ன ரொம்ப நல்ல வார்த்தையா? ஒண்ணும் எழுதாத. வெறுமன விடு. மேல வரவு வச்சதுன்னு இருபத்தெட்டு போட்டிருக்கேல்ல, படிக்கிறவனுக்குத் தெரியாதா?"

நான் ஐம்பது படிவத்தையும் கிழித்தேன். அந்தக் காகிதப் பஞ்சத்தில் கிழித்தேன். மறுபடி எழுதினேன், கடைசி வரியை வெறுமையாக விட்டு. "தெரியாமல் போகலாம் முதலாளி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சம்பளம் கொடுக்கிறவர், நான் வாங்குகிறவன். அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அந்த நம்பிக்கை கொஞ்சம் இருந்தது. என் அம்மாவும் அரிசிப் பானை காலியானால் நிறைஞ்சுபோச்சு என்றுதான் சொல்வாள்.

கடிதங்கள் தோட்டத்துக் கடைகள் வழியாகப் போயின. ஆறாங்கட்டைத் தோட்டத்தில் அய்யாவு என்பவர் சில்லறைக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், எழுதப் படிக்கத் தெரிந்தவர். தோட்டத்து ஜனங்களுக்கு வருகிற கடுதாசியெல்லாம் அவர்தான் வாசித்துச் சொல்வார். பிறகு அவரே என்னிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை வைத்து இதை எழுதுகிறேன்.

இருளப்பனுக்கு வாசித்தபோது, நாலு பங்கு என்றதும் அவன் முகம் மலர்ந்ததாம். ஒதுக்கீட்டுப் பணம் இருபத்தெட்டு. வரவு வைத்தது இருபத்தெட்டு. கட்ட வேண்டியது என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. அய்யாவு யோசித்தார். வரவு வைத்தது என்றால் கம்பெனி தன் புத்தகத்தில் அவன் பேரில் எழுதிக்கொண்ட தொகை என்று நினைத்தார். கடைக்காரர் இல்லையா, அவர் பேரேட்டில் யார் பேரில் எழுதினாலும் அது அவர்கள் தர வேண்டிய கடன்தான். அப்படியானால் கட்ட வேண்டியதும் அதே இருபத்தெட்டு. கிராணி அவசரத்தில் விட்டுவிட்டான் என்று தீர்மானித்து, காதில் இருந்த பென்சிலை எடுத்து, நான் விட்ட வெற்றிடத்தில் 28 என்று எழுதினார். உதவி செய்கிற எண்ணத்தில்தான்.

"முப்பதாம் தேதிக்குள்ள இருபத்தெட்டு வெள்ளி பாயார் பண்ணணும் இருளப்பா. இல்லாட்டி பங்கும் போச்சு, கட்டுன நாப்பத்துநாலும் போச்சு."

வேறு ஒருவனாக இருந்தால் பட்டணத்துக்கு நடந்து வந்து என்னிடம் சண்டை போட்டிருப்பான். வேறு தோட்டங்களிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள், கேட்டார்கள், தெரிந்துகொண்டு போனார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், வராதவர்களும் இப்படித்தானே நினைத்திருப்பார்கள் என்று. "படிக்கத் தெரியாதுங்க" என்று எரிச்சல்பட்டேன், அவ்வளவுதான் செய்தேன். இருளப்பன் வரவில்லை. கையில் காசில்லாமல் கடன் கொடுத்தவன் வாசலில் போய் நிற்பது அவனுக்கு வராத வேலை. வாங்கின உப்புக்குச் சாயங்காலத்துக்குள் காசு கொடுக்கிற ஆள் என்று அய்யாவு சொன்னார்.

விற்க இன்னொரு பசு இல்லை. ராக்காயியின் காதில் இருந்ததை முந்தின வருஷமே அரிசிக்குப் போட்டாயிற்று. அந்த வாரம்தான் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவர்கள் வந்தார்கள். சயாமில் ரயில் பாதை வேலை, மூன்றே மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு, ஒரு மாதச் சம்பளம் முப்பது வெள்ளி கையோடு முன்பணம். வலுக்கட்டாயமாகப் பிடித்து லாரியில் ஏற்றியதெல்லாம் பிறகு. அப்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. இருளப்பன் அவர்கள் நீட்டிய காகிதத்தில் பெருவிரலை உருட்டிவிட்டான்.

ஏப்ரல் முப்பது, மத்தியானம். பழைய பங்குதாரர்கள் கடைசி நாள் என்று வரிசையில் நின்று பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஒரு பெண். அழுக்குத் தெரியாத சேலை, கால் முட்டுவரை செம்மண். அவள் முறை வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, புது வாழைமர நோட்டுகளையும் படிவத்தையும் மேசையில் வைத்தாள்.

"இருளப்பன் பேருக்குங்க. இருபத்தெட்டு. எண்ணிப் பாத்துக்குங்க."

படிவத்தைப் பார்த்தேன். பென்சிலில் 28. அது என் கையெழுத்தில்லை.

"இது யாரு எழுதுனது? நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம்மா. ஏற்கெனவே கட்டுனதுலேயே சரியாப் போச்சு."

அவள் புரியாமல் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் சொன்னேன். ஆமாம், சிரித்தேன். நல்ல சேதி சொல்கிற பெருமை எனக்கு. மேசை இழுப்பறையைத் திறந்து வேலைப் பட்டியலையும் எடுத்தேன். பதிவேட்டில் புதிதாகப் பெயர் ஏறியவர்களில் இருளப்பன் மூன்றாவது. திங்கட்கிழமை முதல் வேலை. ஆலைச் சீட்டுகூடத் தயாராக இருந்தது, முத்திரை குத்தி.

"திங்கக்கிழம அவர வரச்சொல்லுங்க. காலையில ஏழு மணிக்கு."

"அவரு போயிட்டாரே" என்றாள் ராக்காயி.

"எங்க?"

"சயாமுக்கு. காலையில ரயில் ஏத்திவிட்டுட்டுத்தான் நேரா இங்க வர்றேன். இந்தக் காசு அதுக்குக் குடுத்த முன்பணம்ங்க. முப்பது குடுத்தாங்க. ரெண்டு வெள்ளி வீட்டுக்கு வச்சுக்கச் சொன்னாரு."

என் சைக்கிள் வாசலில் நின்றது. ஸ்டேஷனுக்கு எப்படிப் போனேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பிளாட்பாரத்தில் ஒரு கிழவர் பெருக்கிக்கொண்டிருந்தார். வண்டி பத்து மணிக்கே போய்விட்டது என்றார், கூட்ஸ் பெட்டிகளில் ஆட்களை ஏற்றி. இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வடக்கே தண்டவாளம் வெயிலில் கிடந்தது. ஆலைச் சீட்டு என் கையில் இருந்தது. அதை எதற்கு எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது ராக்காயி அதே இடத்தில், பணத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பணத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

"அவரு கட்டச் சொன்னாரு. கட்டாமப் போனா நான் என்ன சொல்லுவேன்?"

கடைசித் தவணை நாலு பங்குக்குப் பன்னிரண்டு வெள்ளி. கம்பெனி இன்னும் கேட்கவில்லை, ஆனாலும் முன்கூட்டி வாங்கிக்கொள்ள விதியில் இடம் உண்டு. அதை வாங்கி ரசீது கொடுத்தேன். அத்தோடு அந்த நாலு பங்கும் முழுதாகக் கட்டி முடிந்த பங்கு. இரண்டாயிரத்தில் அந்த நிலையில் இருந்தது அவன் பங்கு மட்டும்தான். மிச்சம் பதினாறைக் கையில் திணித்தேன். ஏன் கடிதத்தில் சரியாக எழுதவில்லை என்று அவள் கேட்டாள். "தவறிப்போச்சும்மா" என்றேன். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கார்த்திகேசுவிடம் அன்றைக்குக் கத்தினேன். வாழ்க்கையிலேயே அப்படி ஒரு முதலாளியிடம் கத்தியது அந்த ஒரு தரம்தான். ஆள் சேர்க்கும் அலுவலகத்துக்கு அவரே கடிதம் எழுதினார், இருளப்பன் எங்கள் ஆலை ஆள், தவறுதலாகப் போய்விட்டான் என்று. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. மூன்று மாதத்தில் வந்துவிடுவான், அவசரமென்றால் வேறு ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளவும் என்று.

வேறு ஆள் ராக்காயிதான். பங்காளி வீட்டில் ஒருவருக்கு என்றுதானே தீர்மானம்? சோப்புக் கொட்டகையில் வேலை கொடுத்தோம். வாரா வாரம் அரிசி வாங்கினாள். மாதக் கடைசியில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பாள். "கடுதாசி ஏதும் வந்துச்சுங்களா?" இல்லையென்று நான் தலையாட்டுவேன். மூன்று மாதம் ஆறாயிற்று. எங்கள் கெடாவை ஜப்பான்காரன் சயாம்காரனிடம் கொடுத்துவிட்டான் என்றார்கள். "அப்ப அவரு இருக்கிற எடமும் நாம இருக்கிற எடமும் இப்ப ஒரே சர்க்காரா? அப்ப வர்றது லேசுதானே?" என்று கேட்டாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அந்தப் பதினாறு வெள்ளியை அவள் செலவழிக்கவே இல்லை. அவர் வந்ததும் கணக்குக் கேட்பார் என்றாள். ஒரு மரவள்ளிக் கிழங்குக்கு நூறு வெள்ளி என்று ஆன பிறகும் அதை மடித்தே வைத்திருந்தாள்.

1945-இல் ஜப்பான்காரன் சரணடைந்தான். வாழைமர நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. எங்கள் பெட்டியில் இருந்ததெல்லாம் அந்த நோட்டுதான். மூலதனம், பிரீமியம், லாபம் எல்லாம். கொதிகலனைத் திரும்பி வந்த வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான். கம்பெனி அதோடு முடிந்தது.

கார்த்திகை வாக்கில் சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். ஆறாங்கட்டைத் தோட்டத்துக்குத் திரும்பியவன் முருகையா ஒருவன் மட்டும். இருளப்பனோடு அதே பெட்டியில் போனவன். ராக்காயி அவனைக் கூட்டிக்கொண்டு, பூட்டப்போகிற என் அலுவலகத்துக்கே வந்தாள். அவன் காலில் புண், நிற்க முடியவில்லை. என் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"போன மூணாவது மாசமே காலராண்ணே" என்றான் முருகையா. "கூடாரத்துல என் பக்கத்துலதான் கெடந்தாரு. நல்லா இருந்தப்பல்லாம் நான் கம்பெனி பங்காளிடா, போனதும் ஆலையில வேலடான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. வேல வாங்குற மண்டோருகூட அவரப் பங்காளின்னுதான் கூப்புடுவான், கேலியா. நோவு வந்ததும் அதே பேச்சு. முப்பதாந் தேதி கட்டியாச்சா, ராக்காயி நேரத்துக்குப் போயிருப்பாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கட்டியாச்சுண்ணே, நான் பாத்தேன்னு பொய் சொன்னேன். ரசீது எங்கன்னாரு. அதுக்கு நான் என்னத்தண்ணே காட்டுறது?"

ராக்காயி அழவில்லை. அழுதது நான். எனக்கு அழ உரிமை இல்லாத இடத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். இல்லை என்று எழுதிய ஐம்பது படிவம், கார்த்திகேசு வைத்த பேனா, நான் கிழித்தது, வெறுமையாக விட்டது. தவறிப்போகவில்லை அம்மா, தெரிந்தேதான் விட்டோம் என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவருக்குக் காரியம் செய்யணும்" என்றாள் கடைசியில். "ஒடம்பு இல்ல, சாம்பலும் இல்ல. படையல்ல வைக்க ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. அவருக்குக் கடன் கெடையாதுன்னு. அவரு அதத்தானே கேட்டாரு."

கம்பெனித் தலைப்புள்ள காகிதம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. எழுதினேன். முத்தன் மகன் இருளப்பன். பங்குகள் நான்கு, எண் 4117 முதல் 4120 வரை. விண்ணப்பப் பணம், ஒதுக்கீட்டுப் பணம், கடைசித் தவணை யாவும் வரவாயிற்று. கட்ட வேண்டியது எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். தலைவர் கையெழுத்துக்காகக் கடைக்குக் கொண்டுபோனேன். கார்த்திகேசு அதை இரண்டு தரம் படித்தார். கையெழுத்திட்டார். பெயர் கோணலாக விழுந்தது.

காரியம் சுங்கை லாலாங் ஆற்றங்கரையில் நடந்தது. வாழையிலையில் அரிசிச்சோறு, ஒரு புகையிலைத் துண்டு, மூங்கில் குச்சி சொருகிய அவன் பழைய சட்டை, அந்தச் செல்லாத பதினாறு வெள்ளி. அதன்மேல் காகிதத்தை வைப்பதற்கு முன் ராக்காயி என்னைக் கூப்பிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல இல்லைன்னு எந்த எடத்துல எழுதியிருக்கீங்க?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். அவள் தன் விரலை அங்கே வைத்துப் பார்த்தாள். சோப்புக் காரத்தில் வெந்துபோன விரல். அதற்கடியில் அந்த வார்த்தை முழுசாக மறைந்துவிட்டது.

"இத்துனூண்டுதானா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.